வீடு காலி பண்ணியாச்சு, அட்வான்ஸ் இன்னும் வரல: லெட்டர் எழுதறதுக்கு முன்னாடி எல்லாரும் கேக்கற கேள்விகள்

சென்னையில ஒரு வக்கீல் ஆபீஸ்ல குமாஸ்தாவா இருக்கேன். அட்வான்ஸ் திரும்பி வராம வர்றவங்கள வாரத்துக்கு ரெண்டு பேராவது பாக்கறேன், எல்லாரும் கிட்டத்தட்ட இதே கேள்விகளத்தான் கேக்கறாங்க. இங்க சொல்றது எல்லாம் தமிழ்நாட்டு சட்டப்படி, வேற ஊர்ல கணக்கு வேற.

வீட்ட காலி பண்ணி ரெண்டு மாசம் ஆச்சு, ஓனர் போனே எடுக்க மாட்டேங்கறார். ஒரு லெட்டர் போட்டா மட்டும் வந்துடுமா?

நிறைய பேருக்கு வந்துருக்கு. ஏன்னா போன்ல பேசும்போது ஓனர் "பாக்கலாம்", "அடுத்த வாரம்"னு சொல்லிட்டே போகலாம், அதுக்கு ஒரு தடயமும் இருக்காது. பேப்பர்ல தொகை, தேதி, கணக்கு மூணும் வந்து கைல நின்னா அவர் வீட்லயே யாராவது படிச்சுட்டு "குடுத்து முடிச்சுடுங்க"ன்னு சொல்லிடுவாங்க.

ஆனா லெட்டர ஓனருக்காக மட்டும் எழுதாதீங்க. ஒரு வருஷம் கழிச்சு உங்களையும் தெரியாத, ஓனரையும் தெரியாத ஒருத்தர், அது ஜட்ஜா இருக்கலாம் லோக் அதாலத்ல உக்காந்துருக்கவரா இருக்கலாம், அவர் அந்த ஒரு பக்கத்த மட்டும் படிச்சா என்ன நடந்துச்சு, எவ்வளவு பாக்கி, ஏன் அந்த தொகைன்னு மொத்தமும் புரியணும். இத மனசுல வெச்சு எழுதினா கோவம், திட்டு, "உங்கள நம்பி வந்தோமே" எல்லாம் தானா கழண்டு போயிடும், மிச்சம் இருக்கறது தான் லெட்டர்.

எத்தனை நாள்ல குடுக்கணும்னு சட்டத்துல இருக்கா, இல்ல ஓனர் இஷ்டமா?

இருக்கு. 2017ம் வருஷத்து தமிழ்நாடு வாடகைச் சட்டம், 2019 பிப்ரவரி 22ல இருந்து நடைமுறைல இருக்கு. அதோட 11வது பிரிவு அட்வான்ஸ் பத்தினது. வீட்ட காலி பண்ணின ஒரு மாசத்துக்குள்ள, வாடகைக்கு இருந்தவர் குடுக்க வேண்டிய பாக்கி ஏதாவது இருந்தா அத கழிச்சுட்டு, மீதிய திருப்பி குடுக்கணும். அதே பிரிவுல மூணு மாச வாடகைக்கு மேல அட்வான்ஸ் வாங்கக்கூடாதுன்னும் இருக்கு, ஆனா ரெண்டு பேரும் வேற மாதிரி ஒப்பந்தம் போட்டிருந்தா அது தனின்னு ஒரு வாசலும் விட்டு வெச்சிருக்காங்க. அதனாலதான் சென்னையில இன்னும் ஆறு மாசம் பத்து மாசம்னு அட்வான்ஸ் ஓடுது. "மூணு மாசத்துக்கு மேல வாங்கினீங்க"ன்னு லெட்டர்ல சண்ட போடறதுல பிரயோஜனம் இல்ல, நமக்கு வேண்டியது அந்த ஒரு மாசக் கெடு தான்.

புது ஆள் குடி வந்து அட்வான்ஸ் குடுத்தா தான் உங்களுக்கு தருவேன்னு ஓனர் சொல்றாரே?

இது தான் ஊர்ல அதிகம் கேக்கற பதில். சட்டத்துல அப்படி ஒரு நிபந்தனையே இல்ல, காலி பண்ணின நாள்ல இருந்து தான் ஒரு மாசம். உங்க காச அவர் செலவு பண்ணிட்டார்ங்கறது தான் அதுக்கு அர்த்தம். உங்க அக்ரிமென்ட்ல அப்படி ஒரு வரி இருக்கான்னு மட்டும் ஒரு தடவை படிச்சு பாத்துக்குங்க. இல்லன்னா லெட்டர்ல இதுக்கு ஒரே வரி போதும்.

அட்வான்ஸ் வந்தா தான் சாவி தருவேன்னு நான் சாவிய கைலயே வெச்சிருக்கேன். அது சரிதானே?

தயவுசெஞ்சு அப்படி செய்யாதீங்க. இந்த ஒரு விஷயத்துல தான் நியாயம் இருக்கறவங்க கூட தோத்துப் போறாங்க. சாவி உங்க கைல இருக்கற வரைக்கும் வீட்ட நீங்க ஒப்படைக்கலன்னு தான் கணக்கு, அப்போ அந்த ஒரு மாசம் ஆரம்பிக்கவே இல்ல, அது போக அந்த நாளுக்கெல்லாம் வாடகை குடுன்னு ஓனர் கேக்கலாம். பொருள் எல்லாம் எடுத்தாச்சு, வீடு காலியா கெடக்கு, சாவி மட்டும் தான் என்கிட்டன்னு சொன்னாலும் எடுபடாது.

சாவிய குடுங்க, குடுத்ததுக்கு தடயம் வாங்குங்க. ஒரு பேப்பர்ல "இன்ன தேதில இத்தனை சாவி பெற்றுக்கொண்டேன்"னு எழுதி கையெழுத்து வாங்கினா அருமை. வாங்க கூச்சமா இருந்தா, சாவி குடுத்த கையோட வாட்ஸ்அப்ல "சார், இன்னிக்கு சாயங்காலம் மூணு சாவியும் உங்ககிட்ட குடுத்துட்டேன், ஈபி ரீடிங் இவ்வளவு"ன்னு போடுங்க. அவர் சும்மா "ஓகே"ன்னு போட்டா கூட போதும், அந்த ஓகே தான் உங்க ஒரு மாசக் கெடுவோட முதல் நாள். ஓனர் சாவிய வாங்கவே மாட்டேங்கறார்னா, எந்த தேதி எத்தனை மணிக்கு குடுக்க போனீங்கன்னு உடனே அவருக்கு மெசேஜ் போட்டு வெச்சுக்குங்க.

அக்ரிமென்ட் வெறும் 11 மாச ஸ்டாம்ப் பேப்பர்ல போட்டது, ரிஜிஸ்டர் எல்லாம் பண்ணல. எனக்கு உரிமையே இல்லையா?

பணம் குடுத்தது உண்மைன்னா அந்தப் பணம் உங்களோடது தான். ஆனா ஒண்ணு புரிஞ்சுக்கணும், 2017 சட்டப்படி வாடகை ஒப்பந்தத்த எழுத்துல போட்டு வாடகை அதிகாரிகிட்ட பதிவு பண்ணணும், அதுக்குன்னே www.tenancy.tn.gov.in இருக்கு. 11 மாசம்னு போட்டா ரிஜிஸ்டர் ஆபீஸ் போக வேண்டாம்ங்கறது பழைய பழக்கம், இந்த சட்டத்துக்கு 11 மாசமும் ஒண்ணு தான் அஞ்சு வருஷமும் ஒண்ணு தான். பதிவு பண்ணாத அக்ரிமென்ட்ட பின்னால சாட்சியா காட்டப் போனா எதிர்த்தரப்பு வக்கீல் முதல்ல அதத்தான் பிடிப்பார்.

அதனால லெட்டர்ல "ஒப்பந்தப்படி"ன்னு ஒரே கால்ல நிக்காதீங்க. பணம் போன பாதைய சொல்லுங்க: இன்ன தேதில, இன்ன பேங்க்ல இருந்து, உங்க கணக்குக்கு, இவ்வளவு. அது பேங்க் ஸ்டேட்மென்ட்ல அழியாம இருக்கும், எந்த ஸ்டாம்ப் பேப்பரையும் நம்பி இல்ல.

அட்வான்ஸ கையில கேஷா குடுத்தேன், ரசீதும் வாங்கல. இப்ப என்ன பண்றது?

பேங்க்ல அந்த வாரம் பணம் எடுத்த பதிவு இருக்கான்னு பாருங்க. அதவிட முக்கியம், ஓனர் வாயாலயே ஒத்துக்கிட்ட மெசேஜ். "அட்வான்ஸ்ல இருந்து பெயின்டிங்குக்கு புடிச்சுக்கறேன்", "மீதிய மாசக் கடைசில தரேன்" இந்த மாதிரி ஒரு வரி இருந்தா அவர் வாங்கினார்ங்கறது அதுலயே வந்துடுச்சு. அப்படி ஒண்ணும் இல்லன்னா லெட்டர் போடறதுக்கு முன்னாடி சாதாரணமா, சண்ட போடாம, "சார் நான் குடுத்த ஒரு லட்சம் அட்வான்ஸ்ல எவ்வளவு கழிக்கறீங்கன்னு சொன்னா கணக்கு பாத்துக்கலாம்"னு மெசேஜ் போடுங்க. வாங்கவே இல்லன்னு சொல்றவங்க ரொம்ப கம்மி, பெரும்பாலும் கழிக்கற லிஸ்ட் தான் பதிலா வரும். லெட்டர் போயிடுச்சுன்னா அவர் உஷாராயிடுவார், அதனால இது முதல்ல.

பெயின்டிங், கிளீனிங், அது இதுன்னு பாதி காச கழிச்சுட்டார். எவ்வளவு தான் நான் கேக்கறது?

இங்க தான் கொஞ்சம் நின்னு பாக்கணும், லெட்டரோட உயிரே இந்தக் கணக்கு தான். எங்ககிட்ட வந்த ஒரு தம்பதியோட கணக்கையே சொல்றேன், பேர் வேண்டாம்.

மடிப்பாக்கத்துல ரெண்டு பெட்ரூம் ஃபிளாட், வாடகை 16,000, அட்வான்ஸ் 1,00,000. 2022 ஜூன்ல குடி வந்து 2025 மார்ச் 30 ஞாயித்துக்கிழமை சாவிய குடுத்துட்டாங்க. ரெண்டு வாரம் கழிச்சு ஓனர் வாட்ஸ்அப்ல ஒரு லிஸ்ட் அனுப்பறார்: பெயின்டிங் 25,000, கிளீனிங் 4,000, பிளம்பிங் 6,500, வாஷ்பேசின் 3,200, ஈபி 1,860, மார்ச் மெயின்டனன்ஸ் 2,000. மொத்தம் 42,560 கழிச்சுட்டு 57,440 தான் வரும், அதுவும் புது ஆள் வந்தப்புறம்.

அந்தப் பொண்ணு கோவத்துல எழுதிட்டு வந்த லெட்டர்ல "முழு ஒரு லட்சமும் வேணும்"னு இருந்துச்சு. அண்ணா நீங்களே டைப் பண்ணி குடுங்கன்னாங்க. நான் உக்கார வெச்சு ஒவ்வொண்ணா கேட்டேன். வாஷ்பேசின்? பக்கெட் விழுந்து விரிசல் விட்டது உண்மை தான்னாங்க, ஓனர் பில்லும் அனுப்பிருந்தார், அப்போ 3,200 ஒத்துக்கணும். ஈபி ரீடிங் சரியா இருந்துச்சு, மார்ச் மெயின்டனன்ஸ் கட்டல, அதுவும் ஓகே.

பிளம்பிங் 6,500ங்கறது செவுத்துக்குள்ள போற பைப் கசிவு. 2023 நவம்பர் மழையிலயே பாத்ரூம் செவுரு ஊறிப் போச்சுன்னு போட்டோவோட ஓனருக்கு மெசேஜ் போட்டிருக்காங்க, அவர் "ஆள் அனுப்பறேன்"னு சொல்லிட்டு விட்டுட்டார். 2017 சட்டத்தோட ரெண்டாம் அட்டவணைல யார் எத சரி பண்ணணும்னு பிரிச்சே குடுத்துருக்காங்க. குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, ஜன்னல் கண்ணாடி, வாஷ்பேசின் ரிப்பேர் இதெல்லாம் குடியிருக்கறவர் பொறுப்பு. கட்டடத்தோட ரிப்பேர், பைப் மாத்தறது, வயரிங், சுண்ணாம்பு அடிக்கறது, கதவு ஜன்னலுக்கு பெயின்ட் இதெல்லாம் ஓனர் பொறுப்பு. அதனால பைப் அவரோடது.

பெயின்டிங்கும் அதே அட்டவணைப்படி அவரோடது தான், மூணு வருஷம் குடியிருந்த வீட்ல செவுரு மங்கறது இயல்பான தேய்மானம், அத குடியிருந்தவன் தலைல கட்ட முடியாது. ஆனா ஒரு பெட்ரூம் செவுரு பூரா அவங்க பையன் கிரேயான்ல கிறுக்கி வெச்சிருந்தான், போட்டோவுல பாத்தா ஒரு ரயிலு, ஒரு சூரியன், அப்புறம் வரிசையா அஞ்சாறு கார். அது தேய்மானம் இல்ல. அந்த ஒரு செவுத்துக்கு மட்டும் 3,000 நாமளே கழிச்சுடலாம்னு சொன்னேன், அவங்களுக்கு முதல்ல பிடிக்கல. கிளீனிங் 4,000க்கு பில்லும் இல்ல, இவங்க பெருக்கி துடைச்சு வீடியோ எடுத்து வெச்சிருந்தாங்க, அதனால அந்த 4,000த்த நாங்க ஏத்துக்கல.

ஆக ஒத்துக்கிட்டது 3,200, 1,860, 2,000, 3,000, மொத்தம் 10,060. கேக்க வேண்டியது 89,940.

ஒரு லட்சம் கேக்கறத விட இது கெட்டியான தொகை. ஏன்னா படிக்கற மூணாவது மனுஷன், தன் தப்ப தானே எழுதி கழிச்சவங்க மிச்சத்தயும் உண்மையாத்தான் சொல்லிருப்பாங்கன்னு நம்புவார். முழுசும் கேட்டு, பேசின் உடைஞ்சது பின்னால வெளில வந்தா, பைப் விஷயத்துலயும் உங்க பேச்சு எடுபடாது.

ஒண்ணு மட்டும் கவனம்: "காலி பண்ணும்போது பெயின்டிங்குக்கு ஒரு மாச வாடகை கழிக்கப்படும்"னு உங்க அக்ரிமென்ட்லயே நீங்க கையெழுத்து போட்டிருந்தா, பெயின்டிங்ல இவ்வளவு கறாரா நிக்க முடியாது. அந்த ஒரு மாசத்த ஒத்துக்கிட்டு, அதுக்கு மேல கழிச்சத மட்டும் கேளுங்க. இவங்க அக்ரிமென்ட்ல அந்த வரி இல்ல.

ஈபி பில் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை தானே வரும், நடுவுல காலி பண்ணினா எப்படி?

காலி பண்ற அன்னிக்கு மீட்டர போட்டோ எடுத்துடுங்க, நம்பர் தெளிவா தெரியணும், சர்வீஸ் நம்பரும் அந்த போட்டோவுல வந்தா நல்லது. கடைசி பில்லுல இருந்த ரீடிங்க அதுல கழிச்சா உங்க யூனிட். பில் வந்தப்புறம் உங்க யூனிட்டுக்கு உண்டான பங்க ஒத்துக்கிட்டு லெட்டர்ல கழிச்சு காட்டுங்க. பில் இன்னும் வரலங்கறத சாக்கா வெச்சு முழு அட்வான்ஸையும் நிறுத்தி வைக்கறவங்க இருக்காங்க, அப்படின்னா "ஈபிக்காக 3,000 நிறுத்தி வெச்சுக்குங்க, மீதிய அனுப்புங்க"ன்னு எழுதலாம்.

சரி, லெட்டர எப்படி எழுதறது? மாதிரி ஒண்ணு குடுங்க.

அந்த தம்பதிக்கு டைப் பண்ணினது கிட்டத்தட்ட இது தான். ஒரு பக்கத்துக்குள்ள முடிஞ்சது. ஒரு மாசம் ஏப்ரல் 30ல முடிஞ்சது, அதனால மே 5ம் தேதி போட்டோம், கெடு முடியறதுக்கு முன்னாடி போடாதீங்க.

> தேதி: 5.5.2025
>
> அனுப்புநர்: (பெயர், இப்போதைய முகவரி, செல் நம்பர்)
>
> பெறுநர்: (உரிமையாளர் பெயர், முகவரி)
>
> பொருள்: மடிப்பாக்கம் எஃப்-2 வீட்டின் முன்பணம் ரூ.89,940 திருப்பித் தரக் கோருதல்.
>
> ஐயா,
>
> தங்களுடைய மேற்படி வீட்டில் ஜூன் 2022 முதல் மாதம் ரூ.16,000 வாடகையில் குடியிருந்தோம். முன்பணமாக ரூ.1,00,000-ஐ 28.5.2022 அன்று என் வங்கிக் கணக்கிலிருந்து தங்கள் கணக்கிற்கு அனுப்பினேன். 30.3.2025 அன்று வீட்டைக் காலி செய்து மூன்று சாவிகளையும் தங்களிடம் ஒப்படைத்தோம். அதைத் தாங்கள் அன்றே வாட்ஸ்அப்பில் உறுதி செய்துள்ளீர்கள்.
>
> 2017-ஆம் ஆண்டு தமிழ்நாடு வாடகைச் சட்டம் (சட்ட எண் 42/2017) பிரிவு 11-இன்படி, காலி செய்த ஒரு மாதத்திற்குள், அதாவது 30.4.2025-க்குள், முன்பணத்தைத் திருப்பித் தந்திருக்க வேண்டும். இதுவரை எந்தத் தொகையும் வரவில்லை.
>
> தாங்கள் 14.4.2025 அன்று அனுப்பிய பட்டியலில் வாஷ்பேசின் ரூ.3,200, மின்கட்டணம் ரூ.1,860, மார்ச் பராமரிப்பு ரூ.2,000 ஆகியவற்றை ஏற்கிறோம். ஒரு படுக்கையறைச் சுவரில் குழந்தை கிறுக்கியதற்காக ரூ.3,000-ஐ நாங்களாகவே கழித்துக்கொள்கிறோம். ஆக ரூ.10,060.
>
> வீடு முழுவதும் வண்ணம் பூசும் செலவும், சுவருக்குள் உள்ள குழாய் மாற்றும் செலவும் சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி உரிமையாளரைச் சேர்ந்தவை. குழாய்க் கசிவை நவம்பர் 2023-லேயே படத்துடன் தெரிவித்திருந்தோம். சுத்தம் செய்ததற்கு ரசீது எதுவும் தரப்படவில்லை. ஆகவே இவற்றை ஏற்க இயலாது. புதியவர் குடிவரும் வரை காத்திருக்க வேண்டும் என்பதும் சட்டத்தில் இல்லை.
>
> மீதமுள்ள ரூ.89,940-ஐ 22.5.2025-க்குள் கீழ்க்கண்ட கணக்கில் செலுத்தும்படி கேட்டுக்கொள்கிறேன். தவறினால் 1.5.2025 முதல் ஆண்டுக்கு 12 சதவீத வட்டியும் செலவுத் தொகையும் சேர்த்துக் கோர நேரிடும்.
>
> (வங்கிக் கணக்கு விவரம்)
>
> இப்படிக்கு, (கையெழுத்து)
>
> இணைப்பு: வங்கிக் கணக்கு அறிக்கை, சாவி ஒப்படைத்த வாட்ஸ்அப் செய்தி, குழாய்க் கசிவுப் படம் ஆகியவற்றின் நகல்கள்.

வட்டி வரிய மிரட்டலுக்காக போடல. 1978ம் வருஷத்து வட்டிச் சட்டம்னு ஒண்ணு இருக்கு, எழுத்துல நோட்டீஸ் குடுத்து வட்டி கேட்டிருந்தா அந்த நோட்டீஸ்ல சொன்ன தேதிலருந்து கோர்ட் வட்டி போட அது இடம் குடுக்குது. ரேட்ட கோர்ட் தான் முடிவு பண்ணும், 12 சதவீதம் கிடைக்காம கூட போகலாம், ஆனா கேக்காம விட்டுட்டு பின்னால வருத்தப்படக்கூடாது. அப்புறம் "15 நாளுக்குள்"னு எழுதாம காலண்டர் தேதியே போடுங்க, எந்த நாள்லருந்து 15ன்னு ஒரு வாக்குவாதம் மிச்சம். ஒரிஜினல் எதையும் இணைக்காதீங்க, எல்லாம் நகல் தான்.

ஓனர் வயசானவர், வாடகை எல்லாம் அவர் பையன் ஜிபேக்கு தான் போகும். லெட்டர் யார் பேருக்கு?

அக்ரிமென்ட்ல யார் கையெழுத்து போட்டாரோ அவர் பேருக்கு. பையன் கணக்குக்கு அட்வான்ஸ் போயிருந்தா அவர் பேரையும் பெறுநர்ல ரெண்டாவதா சேர்த்து, அவருக்கும் தனியா ஒரு கவர் போடுங்க.

வாட்ஸ்அப்ல பிடிஎஃப் அனுப்பினா போதாதா, எதுக்கு போஸ்ட்டு?

ரெண்டும் பண்ணுங்க. வாட்ஸ்அப்ல அனுப்பினா படிச்சாரா இல்லயா, நம்பர் அவரோடது தானா, நடுவுல டெலிட் ஆச்சான்னு கேள்வி வரும். தபால்ல போனா, சரியான முகவரி எழுதி ஸ்டாம்ப் ஒட்டி ரிஜிஸ்டர்ல அனுப்பின கடிதம் போய் சேந்ததாத்தான் சட்டம் எடுத்துக்கும், சேரலன்னு நிரூபிக்க வேண்டியது எதிர்த்தரப்பு வேலை. 2025ல தபால் துறை ரிஜிஸ்டர்டு போஸ்ட்ட ஸ்பீட் போஸ்ட்டோட சேர்த்துட்டாங்க, அதனால இப்ப கவுன்டர்ல ஸ்பீட் போஸ்ட், கூட ரிஜிஸ்ட்ரேஷனும் டெலிவரி ஆனதுக்கு அத்தாட்சியும் வேணும்னு கேட்டு வாங்குங்க. ரசீத உடனே போட்டோ எடுத்துடுங்க, அந்த தாள்ல எழுத்து ஆறு மாசத்துல வெளுத்துப் போயிடும். நாலஞ்சு நாள் கழிச்சு டிராக்கிங் பக்கத்த பிரிண்ட் எடுத்து லெட்டர் நகலோட பின் பண்ணி வைங்க.

லெட்டர வாங்க மாட்டேன்னு திருப்பி அனுப்பிட்டா?

திரும்பி வந்த கவர பிரிக்காதீங்க! அப்படியே ஒட்டின மாதிரியே வைங்க, மேல தபால்காரர் எழுதினது தான் உங்களுக்கு வேண்டியது. வாங்க மறுத்துட்டார்னு எழுதிருந்தா அது அவருக்கு கிடைச்சதுக்கு சமம். கதவு பூட்டியிருக்கு, வந்து வாங்கலன்னு எழுதிருந்தா இன்னொரு தடவை அனுப்புங்க, அவர் ஆபீஸ் முகவரி தெரிஞ்சா அங்கயும். அந்த முகவரில அப்படி ஒருத்தர் இல்லன்னு வந்தா மட்டும் தான் சிக்கல், அது முகவரி தப்புன்னு அர்த்தம், அக்ரிமென்ட்ல இருக்கற முகவரியோட ஒப்பிட்டு திருத்தி மறுபடி போடணும்.

லெட்டர் கிடைச்சதும் பாதிய அனுப்பிட்டு "கணக்கு முடிஞ்சுது"ன்னு மெசேஜ் போட்டுட்டார். வாங்கிட்டா மீதி போச்சா?

போகல, ஆனா அந்த மெசேஜுக்கு கட்டைவிரல் மட்டும் போட்டுடாதீங்க. நன்றி சார்னு போட்டாலும் ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். அன்னிக்கே "ரூ.60,000 வந்துருக்கு, இத பாக்கித் தொகைல வரவு வெச்சுக்கிட்டேன், மீதி ரூ.29,940 இன்னும் வரணும்"னு பதில் போடுங்க. மீதிக்காக அப்புறம் ஒரு சின்ன லெட்டரும்.

தேதி தாண்டிடுச்சு, பதிலே இல்ல. போலீஸ்ல குடுக்கலாமா, கோர்ட்டுக்கு போகணுமா?

போலீஸ்ல போனா இது சிவில் விஷயம்னு தான் சொல்லுவாங்க, அது சரியும் கூட. மிரட்டினார், பொருள எடுத்து வெச்சுக்கிட்டார்னா அது வேற.

அடுத்து வக்கீல் நோட்டீஸ். உங்க லெட்டர் ஒழுங்கா இருந்தா வக்கீலுக்கு வேலையே பாதி தான், அதயே எடுத்து எழுதுவார். அதுக்கும் அசையலன்னா ரெண்டு வழி. ஒண்ணு, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுல மனு குடுத்தா கேஸ் போடறதுக்கு முன்னாடியே ரெண்டு பேரையும் கூப்பிட்டு உக்கார வெச்சு பேசுவாங்க, அங்க சமரசம் எழுதி லோக் அதாலத்ல உத்தரவாச்சுன்னா அது கோர்ட் தீர்ப்பு மாதிரியே செல்லும். பெண்களுக்கும் எஸ்சி எஸ்டி மக்களுக்கும் வருமானம் எவ்வளவுன்னு பாக்காம அங்க இலவசமா வக்கீலும் கிடைக்கும், இது நிறைய பேருக்கு தெரியாது. இன்னொண்ணு, கோர்ட். வாடகை ஒப்பந்தம் பதிவு ஆயிருக்கா இல்லயாங்கறத பொறுத்து எந்த கோர்ட்டுங்கறது மாறும், அத உங்க பேப்பர பாத்துட்டு வக்கீல் தான் சொல்லணும். பணம் வர வேண்டிய நாள்லருந்து மூணு வருஷத்துக்குள்ள போட்டாகணும், "பாக்கலாம் பாக்கலாம்"னு ஓனர் இழுத்துட்டு போறத நம்பி அத தாண்ட விட்டுடாதீங்க.

அந்த மடிப்பாக்கம் தம்பதிக்கு என்ன ஆச்சு?

லெட்டர் போய் சேந்த மூணாவது நாள் ஓனர் போன் பண்ணினார், குரலே மாறியிருந்துச்சாம். பெயின்டிங்க பத்தி பேச்சே எடுக்கல. பைப்புக்கு மட்டும் பாதி குடுங்கன்னு கேட்டிருக்கார், இவங்க அந்த 2023 போட்டோவ திரும்ப அனுப்பினாங்க. மே 21ம் தேதி 86,000 கணக்குல விழுந்துச்சு. மிச்சம் 3,940, கிளீனிங்குக்குன்னு அவர் புடிச்சுக்கிட்டது. அதுக்கும் லெட்டர் போடலாமான்னு அந்தப் பொண்ணு கேட்டுச்சு, போடலாம்மா உங்க இஷ்டம்னேன். ரெண்டு நாள் யோசிச்சுட்டு, புது வீடு, ஸ்கூல் ஃபீஸ் நேரம் வேற, இதோட விட்டுடறோம்னு வந்து சொல்லிட்டுப் போனாங்க.